ஈஸ்ட் ஹாமில் வெளியேறவில்லை

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட், கோயில் அர்ச்சனைச் சீட்டு எல்லாமே என் சட்டைப் பையில்தான். காளியாத்தாள் கையில் கொடுத்தால் தொலைத்துவிடுவாள் என்பது என் கணக்கு. இத்தனை வருஷத்தில் அவள் எதையும் தொலைத்ததில்லை. கொடுத்திருந்தால்தானே தொலைப்பதற்கு.

பல்லடத்தில் பதினாறு தறி ஓட்டியவன் நான், சென்னிமலை. ஆட்களை அதட்டிப் பழகிய வாய். வீட்டுக்கு வந்தாலும் அதே வாய்தான். இதை இப்போது எழுதுவதால் யோக்கியன் ஆகிவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மகள் பிரவீனா லண்டனில் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை செய்கிறாள். 2024 ஜூன் மாதம் நானும் காளியாத்தாளும் ஒரு மாதம் அவளோடு இருக்கப் போனோம். பார்க்கிங் என்ற இடத்தில் வீடு; வண்டி நிறுத்தும் பார்க்கிங் இல்லை, ஊர்ப் பெயரே அதுதான். முதல் நாளே ஆளுக்கொரு நீலக் கார்டு வாங்கி, பணம் ஏற்றி, என்னிடம் கொடுத்தாள். ஆயிஸ்டர் கார்டு என்று பெயர். ஸ்டேஷனுக்குள் போகும்போது கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் வட்டத்தில் தொட வேண்டும். இறங்கி வெளியே வரும்போது மறுபடி தொட வேண்டும். எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம் என்பது அந்தத் தொடுகையில்தான் மெஷினுக்குத் தெரியும். அதை வைத்துக் கட்டணம் பிடிக்கும். ஒரு கார்டுக்கு ஒரே ஆள். இரண்டு கார்டையும் வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அம்மா கையில் கொடுங்கள் என்று பிரவீனா சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் வாரத்திலேயே ஒரு தப்புப் பண்ணினேன். ஒரு ஸ்டேஷனில் கதவெல்லாம் திறந்து கிடக்க, தொடாமலே இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டோம். ராத்திரி பிரவீனா கம்ப்யூட்டரில் பார்த்தால், இரண்டு கார்டிலும் அதிகபட்சக் கட்டணம் பிடித்திருந்தது. எங்கே இறங்கினோம் என்று தெரியாததால் முழுசாகப் போட்டுவிடுமாம். அவள் தன் கணக்கைத் திறந்து, அன்றைய பயணத்தைத் தேடி, இறங்கிய ஸ்டேஷன் இது என்று எழுதி, திருப்பித் தரும்படி கேட்டாள். அடுத்த முறை ஸ்டேஷனில் கார்டைத் தொட்டபோது பணம் வந்து ஏறிக்கொண்டது. “எங்க எறங்கினாலும் தொட்டுப்போடுங்கப்பா, மறந்துபோடாதீங்க” என்றாள். அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இனி தனபாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனபால் என் மச்சினன், காளியாத்தாளுடைய ஒரே தம்பி. கோயமுத்தூரில் மெடிக்கல் ரெப்பாக இருந்தவன், தொண்ணூற்றாறில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு மலையாளத்து நர்சைப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்போமா என்பது வேறு. அடுத்த மாதமே பிரவீனாவுக்குக் காதுகுத்து. ஆர்.எஸ்.புரத்தில் மண்டபம் பிடித்து, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தானே காது குத்த வேண்டும். தனபால் சீர்த்தட்டோடு, அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தான். சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்க்க, மண்டபத்து வாசலிலேயே நான் அவனை நிறுத்தினேன். காளியாத்தாளின் பெரியப்பன் மகன் ஒருவன் மடியில் வைத்துக் காது குத்தினோம். தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனவன், அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இரண்டு வருஷத்தில் மனைவியோடு லண்டன் போய்விட்டான்.

காளியாத்தாள் அன்றைக்கு அழுதாள். அப்புறம் அவன் பேரை எடுக்கவே இல்லை. நானும் அவள் மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். எனக்குச் சௌகரியமாக இருந்ததைத்தான் நான் நினைத்திருக்கிறேன்.

லண்டன் போய் மூன்றாம் நாள், சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். தனபால் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறானாம், பார்க்கிங்குக்கு முந்தின ஸ்டேஷன். இரண்டு கிட்னியும் போய்விட்டது, வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணுகிறார்களாம். பிரவீனாதான் சொல்லியிருக்கிறாள், எனக்குத் தெரியாமல் மாமனோடு அவள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“ஏனுங்க, ஒரே ஒருக்கா அவனைப் பாத்துப்போட்டு வந்துர்றனுங்க” என்றாள். “நீங்க வர வேண்டாமுங்க.”

முடியாது என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. ஒரு தடவை மறுத்தால் கேட்காமல் விடுவது அவள் வழக்கம். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

ஊருக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, பிரவீனாவுக்கு லீவு கிடைக்காததால், நாங்கள் இருவர் மட்டும் ஆற்றங்கரைக்குப் போனோம். வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷன். அங்கிருந்து பார்க்கிங்குக்கு ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. திரும்பும்போது மூன்று இருபதுக்கு இரண்டு கார்டையும் தொட்டு, முதலில் அவளை அனுப்பி, பிறகு நான் உள்ளே போனேன். உட்கார இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. கதவோரமாகக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கால் மரத்துப்போகிறது என்றாள். நான் உட்கார்ந்தபடி கண்ணை மூடினேன்.

ஈஸ்ட் ஹாமில் ரயில் நின்றதும் அவள் இறங்கினாள். நான் கண்ணைத் திறந்து, இது இல்லை, அடுத்தது என்று சத்தம் போடுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. பிளாட்பாரத்தில் அவள் திரும்பிப் பார்க்காமல் படிக்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். தப்பாக இறங்கியவள் நடையா அது? தம்பியைப் பார்க்கப் போகிறாள் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துபோனது. காதெல்லாம் சூடேறியது.

பார்க்கிங்கில் இறங்கிக் கதவருகே வந்தபோதுதான் பையில் இரண்டு கார்டு இருப்பது நினைவுக்கு வந்தது. எங்கே இறங்கினாலும் தொட வேண்டும், இல்லாவிட்டால் முழுக் கட்டணம். கோபத்திலும் அந்தக் கெட்டிக்காரத்தனம் மட்டும் போகவில்லை. அவள் கார்டை ஒரு கதவில் தொட்டேன்; ஆளில்லாமலே திறந்து மூடியது. என்னுடையதை அடுத்த கதவில் தொட்டு வெளியே வந்தேன். மணி நாலு இரண்டு. அவள் கணக்கையும் சேர்த்து ஒழுங்காக முடித்துவிட்டேன் என்ற திருப்தி வேறு.

கால் மணி நேரத்தில் பிரவீனா போன் பண்ணினாள். அம்மா ஈஸ்ட் ஹாம் கேட்டுக்கு உள்ளே நிற்கிறாள், வெளியே வரக் கார்டு இல்லை. அம்மா பர்ஸில் தன் போன் நம்பர் எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்து ஸ்டேஷன்காரர்கள் தன்னைக் கூப்பிட்டார்கள் என்றாள். டிக்கெட் பரிசோதகர் வந்திருக்கிறார். ஆனாலும் அபராதம் எழுதாமல் காத்திருக்கிறார். கார்டைக் கொண்டுவந்தால் உள்ளே நுழைந்த பதிவு அதில் இருக்கும், அதைத் தொட்டு வெளியே போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். “கார்டு இல்லாம வெளிய வர முடியாதுன்னு அம்மாவுக்கு யாருமே சொல்லலைங்கப்பா” என்றாள். எங்கள் ஊர்ப் பக்கம் டிக்கெட் வீட்டுக்காரன் பையில் இருந்தாலும் இறங்கி நடந்துவிடலாம். அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

என் கார்டைத் தொட்டு மறுபடி உள்ளே போய், எதிர்ப்பக்க ரயிலில் ஒரு ஸ்டேஷன் போனேன்.

கதவுகளுக்கு உள்பக்கம், சுவர் ஓரமாக அவள் நின்றிருந்தாள். பக்கத்தில் பரிசோதகர், ஒரு பெண்மணி. கூடவே ஸ்டேஷனில் வேலை செய்யும் இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருத்தி, இவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருந்தாள். காளியாத்தாள் என்னைப் பார்க்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே தனபால் நின்றிருந்தான்.

இருபத்தெட்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். கைத்தடி, தொளதொளத்த கோட்டு, முகம் கறுத்து ஒடுங்கியிருந்தது. நெற்றியை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது, அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே நெற்றி. பிரவீனாதான் போனில் சொல்லி வரவழைத்திருக்கிறாள். நடுவில் இடுப்பளவு கதவுதான். ஆனால் இரண்டு பேரும் பத்தடி தள்ளியே நின்றார்கள். கால்மணி நேரமாக அப்படி நின்றிருக்கிறார்கள். பேசிக்கொள்ளவில்லையா என்று பிறகு பிரவீனா கேட்டதற்கு, பேசினால் அழுதுவிடுவான் போலிருந்தது, அதனால் பேசவில்லை என்று காளியாத்தாள் சொன்னாளாம்.

பரிசோதகர் அவள் கார்டை வாங்கித் தன் கையிலிருந்த கருவியில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. தமிழ்ப் பெண் எனக்கு விளக்கிச் சொன்னாள். இந்தக் கார்டு வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ளே வந்து, நாலு மணி இரண்டு நிமிஷத்துக்குப் பார்க்கிங்கில் வெளியே போய்விட்டது. அந்தப் பயணம் முடிந்துவிட்டது. ஆனால் இந்த அம்மா இங்கே உள்ளே நிற்கிறார். அப்படியானால் இந்தக் கார்டில் பயணம் செய்தது இவர்தான் என்று எப்படி நம்புவது? கார்டு பார்க்கிங்கில் தொடப்படாமல் இருந்திருந்தால், நுழைவு திறந்தே இருந்திருக்கும், இங்கே தொட்டதும் கட்டணம் பிடித்துக்கொண்டு கதவு திறந்திருக்கும். இப்போது இவர் டிக்கெட் இல்லாமல் நிற்பவர் என்றே ஆகிறது.

நான்தான் தொட்டேன் என்று அமைதியாகச் சொல்லியிருக்கலாம். இரண்டு கார்டும் ஒரே நிமிஷத்தில் உள்ளே வந்து ஒரே நிமிஷத்தில் வெளியே போயிருப்பதைப் பாருங்கள் என்று என் கார்டையும் காட்டியிருக்கலாம். தனபால் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற ஒரே நினைப்பில் நான் குரலை உயர்த்தினேன். தமிழும் இங்கிலீஷும் கலந்து கத்தினேன். பரிசோதகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அபராதச் சீட்டை எழுதினார். காளியாத்தாள் பேரில் நூறு பவுண்டு. இருபத்தொரு நாளைக்குள் கட்டினால் பாதி. ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் அதே இருபத்தொரு நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம், எங்கே அனுப்புவது என்பது சீட்டிலேயே இருக்கிறது என்று தமிழ்ப் பெண் சொன்னாள். அம்மா பேரில் எழுதியிருப்பதால் அம்மாதான் நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

சீட்டைக் கொடுத்துவிட்டு, பரிசோதகர் ஓரத்திலிருந்த அகலமான கதவைத் திறந்துவிட்டார். எல்லாம் முடிந்தது, இனி வெளியே போகலாம் என்று கையைக் காட்டினார்.

கதவு திறந்திருந்தது. தனபால் ஒரு அடி முன்னால் வைத்தான். காளியாத்தாள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல்கூட இல்லை. சரி என்று சொல்வேனா என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

நான் அவள் கையைப் பிடித்தேன். “வா, ஊட்டுக்குப் போலாம்” என்றேன். பிடித்த கையை விடாமல் படிக்கட்டில் இறக்கி, பிளாட்பாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

பார்க்கிங்கில் சீட்டைக் காட்டியதும் அவளை வெளியே விட்டார்கள். நான் என் கார்டைத் தொட்டேன். அன்று ராத்திரி பார்த்தால் என் கார்டிலும் கூடுதலாகப் பிடித்திருந்தது. பார்க்கிங்கில் நுழைந்தவன் முக்கால் மணி நேரம் கழித்து அதே பார்க்கிங்கில் வெளியே வந்தால், எங்கேயோ போய்விட்டுத் தொடாமல் விட்டவன் என்றுதான் அதற்குத் தெரியும். பிரவீனா போன் பண்ணி விவரம் சொல்ல, அதைத் திருத்திவிட்டார்கள். ஊருக்குக் கிளம்பிய அன்று கார்டைத் தொட்டபோது அந்தப் பணம் திரும்ப ஏறியது. என் பணம் சுலபமாக வந்துவிட்டது.

காளியாத்தாளின் சீட்டுக்குத்தான் எழுத வேண்டியிருந்தது. மறுநாள் சாயங்காலம் பிரவீனா உட்கார்ந்தாள். இரண்டு கார்டின் பயண விவரத்தையும் எடுத்து வைத்தாள். உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. ஏன் ஈஸ்ட் ஹாமில் இறங்கினீர்கள் என்பதை விளக்க வேண்டும். கூட்டத்தில் தெரியாமல் இறங்கிவிட்டாள் என்று எழுது, கேள்வி கேட்க மாட்டார்கள் என்றேன்.

“பொய் எழுத வேண்டாம் கண்ணு” என்றாள் காளியாத்தாள். என்னைப் பார்க்காமல் மகளிடம்தான் சொன்னாள். “என் தம்பியப் பாக்க எறங்குனேன். கார்டு ஊட்டுக்காரர்கிட்ட இருந்துச்சு. அவர் எனக்கும் சேத்துத் தொட்டுப்போட்டார். நான் வெளிய போகலை. திரும்பிப் பார்க்கிங்குக்கே வந்துட்டேன். இத்தனையும் எழுது.”

பிரவீனா அப்படியே இங்கிலீஷில் எழுதினாள். காளியாத்தாள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். சீட்டின் நம்பரையும் கார்டு விவரங்களையும் சேர்த்து அன்றே அனுப்பினோம். முடிவு வரும்வரை பணம் கட்டத் தேவையில்லை.

அனுப்பிவிட்டு பிரவீனா என்னைப் பார்த்துக் கேட்டாள், இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, நாளைக்கு நான் அரைநாள் லீவு போட்டு அம்மாவைக் கூட்டிப்போகட்டுமா என்று. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் கரைந்திருந்தேன். சொன்னது காளியாத்தாள்தான். “வேண்டாம் அம்மணி. கதவு தொறந்திருந்துச்சு, நான் திரும்பி வந்தத அவன் பாத்துட்டான். இனி எந்த மூஞ்சிய வச்சுட்டுப் போறது?”

அப்போதாவது நான் எழுந்து, வா, நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை வாய்வரை வந்தது. இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லாததை இன்றைக்குச் சொல்வதா என்று விழுங்கிவிட்டேன். மூன்றாம் நாள் விமானம் ஏறினோம்.

பல்லடம் வந்து ஐந்து வாரத்தில் தனபால் இறந்துவிட்டான். பிரவீனாவும் அவன் மனைவியும் நின்று எல்லாம் செய்தார்கள். சேதி வந்த அன்று காளியாத்தாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, அடுப்பைப் பற்றவைத்து, எனக்குச் சோறாக்கிப் போட்டாள். எனக்கு இறங்கவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பிரவீனா போன் பண்ணினாள். மேல்முறையீட்டுக்குப் பதில் வந்துவிட்டது, அபராதம் ரத்து, ஒரு பைசா கட்ட வேண்டாம் என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். எதனால் ரத்து பண்ணினார்கள் என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவள் கடிதத்தைத் தமிழில் சொன்னாள். இரண்டு கார்டும் சேர்ந்தே வந்திருப்பதை ஒத்துக்கொண்டார்களாம். அம்மா எங்கிருந்து எங்கே போனாரோ, அந்த வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து பார்க்கிங் வரையிலான பயணத்துக்குக் கட்டணம் சரியாகவே கட்டப்பட்டிருக்கிறதாம். ஏனென்றால் அவர் ஈஸ்ட் ஹாமில் வெளியேறவே இல்லையாம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் இழுத்துக்கொண்டு போனதால்தான் அந்த வழக்கு ஜெயித்திருக்கிறது.

காளியாத்தாள் போனை எடுத்து வாய்க்கருகே வைத்துக்கொண்டாள்.

“ஆமா கண்ணு,” என்றாள். “போகலைதான்.”